பையின் கொள்ளளவு எப்போது நம்மை யோசிக்க வைக்கிறது, எப்போது வெறும் அலைச்சலாகிறது?

கேள்வி: ஸ்கைரிமில் 300 எடை தாண்டியதும் ஆமை மாதிரி நடக்க வேண்டியிருக்கிறதே என்று மோட் போட்டு எடைக் கணக்கையே தூக்கிவிட்டேன். கொஞ்ச நாளிலேயே ஆட்டம் அலுத்துவிட்டது. ஆனால் ரெசிடென்ட் ஈவில் 4-ல் பெட்டிக்குள் துப்பாக்கிகளை அடுக்குவது இன்றைக்கும் பிடிக்கிறது. இரண்டுமே "இதற்கு மேல் தூக்காதே" என்பதுதானே? ஏன் ஒன்று தொல்லையாகவும் இன்னொன்று சுவையாகவும் இருக்கிறது? நான் சின்னதாக ஒரு சர்வைவல் கேம் செய்துகொண்டிருக்கிறேன். எடை வைப்பதா, கட்டம் வைப்பதா?

பதில்: எடையா கட்டமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒரு பொருளை எடுத்தால் உங்கள் மொத்த இடத்தில் அது எத்தனை பங்கை விழுங்குகிறது? இன்று விட்டுவிட்டுப் போன பொருளை நாளைக்கு வந்து எடுக்க என்ன செலவாகும்? பல வருடங்களாக கேம் டிசைன் வேலையில், பெரும்பாலும் இன்வென்டரி என்கிற ஆட்டக்காரரின் பையும் கடைகளும் சார்ந்த பகுதியில் இருக்கிறேன். நான் பார்த்தவரை ஒரு இன்வென்டரி ஆட்டக்காரரை நிஜமாகவே யோசிக்க வைக்கிறதா, அல்லது நடையாய் நடக்க வைக்கிறதா என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. எடை, பொருளுக்கு ஓர் இடம் என்று எண்ணி வைக்கும் ஸ்லாட், கட்டம் என்ற வடிவம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

முதலில் ஸ்கைரிமையே எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் 300 தூக்கலாம். ஸ்டாமினாவில் ஒருமுறை புள்ளி போட்டால் இன்னும் 5 கூடும். இரும்பு வாள் 9, இரும்புக் கவசம் 30, ஒரு மருந்துக் குப்பி 0.5. தங்கத்துக்கு எடையே கிடையாது. இங்கே எந்தப் பொருளும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போவது அபூர்வம். பொருள்கள் இப்படிப் பொடிப்பொடியாக இருக்கும்போது ஆட்டக்காரர் சீக்கிரமே ஒரு வகுத்தல் கணக்கைக் கண்டுபிடித்துவிடுவார்: விலையை எடையால் வகு, ஒரு எடைக்கு இத்தனை காசுக்குக் கீழே வந்தால் விட்டுவிடு. அந்த விதி கையில் வந்த பிறகு ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பார்த்தால் போதும். இதை எடுத்தால் அதை விட வேண்டுமே என்ற இழுபறி இல்லை. கணிதத்தில் பை நிரப்பும் கணக்கு என்று ஒன்று உண்டு. பையோடு ஒப்பிட்டால் பொருள்கள் மிகச் சிறியவை என்றால், மதிப்பு-எடை விகிதப்படி வரிசையாக எடுத்துப் போட்டாலே கிட்டத்தட்ட சிறந்த விடை வந்துவிடும். ஸ்கைரிம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

சரி, எடை தாண்டினால் என்ன ஆகிறது? ஓட முடியாது, வரைபடத்தில் தொட்டு வேறு ஊருக்குத் தாவ முடியாது. ஆனால் எதையும் இழப்பதில்லை. கொஞ்சத்தைக் கீழே போடலாம், கூட வருகிற துணையிடம் கொடுக்கலாம், விற்றுவிட்டுத் திரும்பி வரலாம். கடைக்காரர்களிடம் இருக்கும் காசும் சுமார் 500-லிருந்து 1000-க்குள் என்பதால், ஒரு குகையில் அள்ளியதை விற்க மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். ஆக "எதை விடுவது" என்று தொடங்கிய கேள்வி "எத்தனை நடை போவது" என்று மாறிவிடுகிறது. உங்களுக்குத் தொல்லையாகப் பட்டது இந்த நடைதான் என்று நினைக்கிறேன். மோட் போட்டதும் நடை போய்விட்டது. கூடவே அந்த வகுத்தல் கணக்கும் போய்விட்டது. குகைக்குள் கண்ணில் படுகிற தட்டு, டம்ளர் வரை எல்லாம் பைக்குள் போகும், பட்டியல் நீளும், தங்கம் குவியும், எந்த வாளைக் கண்டாலும் "ஆகா" என்று தோன்றாது. சின்ன முடிவாக இருந்தாலும் கிடைத்த பொருளை நின்று பார்க்க வைத்தது அந்த ஒரு கணக்குதான்.

இதற்கு நேரெதிர் முனையில் இருப்பது 2002-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் மறு ஆக்கம், 1996-ல் வந்த முதல் ஆட்டத்தைப் புதிதாகச் செய்தது. ஜில் என்ற கதாபாத்திரமாக ஆடினால் எட்டு ஸ்லாட், கிறிஸ் என்ற கதாபாத்திரமாக ஆடினால் ஆறே ஆறு. கிறிஸை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்ப்போம். கைத்துப்பாக்கி ஒன்று, அதன் தோட்டா ஒன்று, அவசரத்துக்கு ஒரு மூலிகை. மூன்று போய்விட்டது. மீதி மூன்றில், இன்று திறக்கப்போகிற கதவின் சாவி ஒன்றைப் பிடிக்கிறது. இரண்டுதான் காலி. அந்த அறையில் ஒரு புதிர்ப் பொருளும் ஒரு பெட்டி தோட்டாவும் கிடைத்தால் பை நிறைந்தது. இதில் ஒவ்வொரு பொருளும் மொத்த இடத்தில் ஆறில் ஒரு பங்கு. ஷாட்கன்னைச் சேர்த்துக்கொள்ளலாமா என்றால் அதற்கும் அதன் தோட்டாவுக்குமாக இரண்டு ஸ்லாட் போகும், மூன்றில் ஒரு பங்கு. விகிதம் போட்டு வரிசைப்படுத்தும் வேலை இங்கே செல்லாது. மூலிகையின் மதிப்பு, தோட்டா இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. தோட்டாவின் மதிப்பு, போகிற வழியில் எத்தனை ஜாம்பிகள் உயிரோடு நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒன்றின் விலை இன்னொன்றால் மாறும்போதுதான் ஆட்டக்காரர் நின்று யோசிப்பார்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு எரிபொருள் குடுவை. சுட்டு வீழ்த்திய ஜாம்பியை அப்படியே விட்டால், கொஞ்ச நேரம் கழித்து அது இன்னும் வேகமும் வெறியும் கொண்டதாக எழுந்து வரும். தலை சிதறியிருந்தால் வராது, எரித்துவிட்டாலும் வராது. எரிக்க மண்ணெண்ணெய்க் குடுவை வேண்டும், அது ஒரு ஸ்லாட். ஒருமுறை நிரப்பினால் இரண்டு உடல்களுக்குத்தான் வரும். லைட்டர் கிறிஸிடம் எப்போதும் இருக்கும். ஜில்லுக்கோ லைட்டரும் ஒரு ஸ்லாட்டை எடுத்துக்கொள்ளும். இப்போது ஒரு நடைபாதையில் ஜாம்பியைப் பார்க்கிறீர்கள். கொன்றால், பிறகு ஒருநாள் குடுவையோடு வந்து எரித்தாக வேண்டும். குடுவை பையில் இருந்தால் அன்றைக்கு ஒரு பொருள் குறைவாகத்தான் கொண்டுவர முடியும். கொல்லாமல் ஒதுங்கி ஓடினால் தோட்டா மிச்சம், ஆனால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கடி வாங்கும் ஆபத்து உண்டு. மாளிகையில் எந்தப் பாதை அடிக்கடி தேவைப்படும், எது ஒரே தடவைதான் என்று மனதுக்குள் ஒரு வரைபடம் போட வைப்பது ஆறு ஸ்லாட்தான். பை பெரிதாக இருந்திருந்தால் குடுவை எந்நேரமும் பையிலேயே இருக்கும், எல்லாரையும் எரித்துக்கொண்டே போகலாம், பாதைகளைப் பற்றி யோசிக்கும் தேவையே வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஆட்டத்தில் பொருளைக் கீழே போட முடியாது. பாதுகாப்பு அறைகளில் இருக்கும் பெட்டியில்தான் வைக்க முடியும். ஒரு பெட்டியில் போட்டது எல்லாப் பெட்டிகளிலும் கிடைக்கும், அது நிஜத்தில் நடக்காத மாயம்தான். ஆனாலும் பெட்டி இருக்கும் அறைக்குப் போய்ச் சேர வேண்டுமே, அந்த வழிதான் செலவு. பை நிறைந்து ஒரு புதுப் பொருள் எதிரே கிடந்தால், அவ்வளவாகக் காயம் படாதபோதே மூலிகையைத் தின்று இடம் பண்ணிக்கொள்வோம். அல்லது பச்சை மூலிகையோடு சிவப்பைக் கலந்து இரண்டு ஸ்லாட்டை ஒன்றாக்குவோம். ஆடியவர்கள் எல்லாருக்கும் இது பழக்கம்.

அதே 2002-ல் அதே தொடரில் வந்த ரெசிடென்ட் ஈவில் ஜீரோ பெட்டிகளை எடுத்துவிட்டது. பதிலாக எங்கே வேண்டுமானாலும் கீழே போடலாம், போட்டது வரைபடத்தில் தெரியும். ஆளுக்கு ஆறு ஸ்லாட் வீதம் இரண்டு பேர், பெரிய துப்பாக்கிகளுக்கும் கொக்கித் துப்பாக்கிக்கும் இரண்டு ஸ்லாட். பங்கு பெரிதாகத்தான் இருக்கிறது, இருந்தும் ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே எல்லாவற்றையும் கொட்டி வைப்பார்கள், பிறகு இடம் மாறும்போது அத்தனையையும் தவணை முறையில் சுமப்பார்கள். கீழே போட்டது தொலையாது என்பதால் எதையும் விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. கொக்கித் துப்பாக்கி எப்போது வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரியாததால், அதைத் தேடி முன்பு விட்ட இடத்துக்கே திரும்பி ஓடியவர்கள் நிறைய. பங்கு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, திரும்பி வருவதன் செலவும் சரியாக அமைய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். 2005-ல் வந்த அசல் ரெசிடென்ட் ஈவில் 4-ன் முதல் பெட்டி அகலத்தில் 10, உயரத்தில் 6, மொத்தம் 60 கட்டம். கைத்துப்பாக்கி 3-க்கு 2, ஷாட்கன் 8-க்கு 2, ரைஃபிள் 9-க்கு 1. இந்த மூன்றையும் வைத்தாலே 31 கட்டம், பாதிப் பெட்டி. ஷாட்கன்னும் ரைஃபிளும் உயரவாக்கில் நிற்காது, படுக்க வைத்தே ஆக வேண்டும். இதோடு ஒரு ராக்கெட் லாஞ்சரையும் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள், அதுவும் 8-க்கு 2. ஷாட்கன்னை மேல் இரண்டு வரிசையிலும் லாஞ்சரை அடுத்த இரண்டு வரிசையிலும் இடதுபக்கமாக ஒட்டி வைத்தால், வலது ஓரத்தில் அகலம் 2, உயரம் 4 கொண்ட ஒரு பட்டை மிஞ்சும். கைத்துப்பாக்கியைத் திருப்பி நிறுத்தினால் அதில் சரியாக உட்காரும், அதற்குக் கீழே இரண்டு கட்டம் காலி. ஐந்தாவது வரிசையில் ரைஃபிள் படுத்தால் ஓரத்தில் ஒரு கட்டம் காலி. கடைசி வரிசை முழுதும் காலி. மொத்தம் 13 கட்டம். தோட்டாப் பெட்டியும் மூலிகையும் ஆளுக்கு இரண்டு கட்டம் என்பதால் ஆறு பொருள் வைக்கலாம், ஓரத்தில் மிஞ்சிய ஒற்றைக் கட்டத்தில் ஒரு கோழிமுட்டை வைக்கலாம். கைத்துப்பாக்கியைப் படுத்த வாக்கிலேயே விட்டிருந்தால் அது கீழ் வரிசைகளில்தான் இடம் தேட வேண்டும், ரைஃபிளை வைக்கவே வழியிருக்காது.

இதில் உங்களுக்குச் சுவையாக இருப்பது அந்தத் திருப்பிப் பார்க்கும் திறமைதான் என்பது என் கணிப்பு. பெட்டியைத் திறந்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது, நிதானமாக அடுக்கலாம். நன்றாக அடுக்கினால் கூலியாக இரண்டு மூலிகைக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அடுக்குவது ஒரு புதிர், தேர்வு வேறு. திறமையாக அடுக்குகிறவர் பெரும்பாலும் எதையும் விட வேண்டியதில்லை. இந்த ஆட்டத்தில் நிஜமான தேர்வு வியாபாரியிடம்தான் நடக்கிறது: கையில் இருக்கும் காசுக்குத் துப்பாக்கியின் சக்தியைக் கூட்டுவதா, 77 கட்டப் பெட்டி வாங்குவதா? அடுத்து 96, அதற்கும் மேல் 120. தவிர, சாவிகளும் விற்பனைக்கான நகைகளும் பெட்டிக்குள் வருவதே இல்லை, அவற்றுக்குத் தனி இடம் உண்டு. கதையை நகர்த்தும் பொருளுக்காக ஆயுதத்தை விட வேண்டிய கொடுமை இங்கே கிடையாது. பழைய ஆட்டத்தின் இறுக்கம் போய் ஆட்டம் இலகுவானதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைப் படித்துவிட்டு எடை என்றாலே மோசம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எடைக் கணக்கின் உச்சம் என்று நான் கருதுவது ஃபால்அவுட் நியூ வேகஸுக்கு 2010 டிசம்பரில் வந்த டெட் மணி என்ற கூடுதல் பகுதி. அதன் முடிவில் ஒரு நிலவறையில் 37 தங்கக் கட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அந்த ஆட்டத்தின் காசான கேப்ஸில் பத்தாயிரத்துக்கு மேல் போகும், ஒவ்வொன்றின் எடையும் 35. அந்த ஆட்டத்தில் தூக்கும் அளவு 150, அதோடு பலத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 10. பலம் 5 என்றால் 200. கையில் வேறு எதுவுமே இல்லை என்றாலும் ஐந்து கட்டிதான், கவசமும் துப்பாக்கியும் இருந்தால் இரண்டோ மூன்றோ. பலம் முழுப் பத்து என்றாலும் 250, ஏழு கட்டிக்கு மேல் போகாது. அத்தனையும் வேண்டுமென்றால் 1295 தூக்க வேண்டும். எடை தாண்டினால் ஓட முடியாது, நிலவறையை விட்டுத் தப்பி ஓடும் தருணம் அது. அந்த ஊரை விட்டு வெளியேறினால் திரும்பி வரவும் முடியாது. ஒரு கட்டிக்காக எந்தத் துப்பாக்கியைக் கழற்றிப் போடுவது என்று ஆட்டக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கதை முழுக்கப் பேராசையைப் பற்றியது என்பதால், அந்த எண்ணிக்கையே கதையைச் சொல்லிவிடுகிறது. மொத்தத்தையும் வெளியே கொண்டுவர ஆட்டக்காரர்கள் குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள், அது தனிக் கதை. ஸ்கைரிமில் இருப்பதும் இங்கே இருப்பதும் ஒரே மாதிரியான எடை விதிதான். பொருளின் பங்கு பெரிதானதும், திரும்பி வரும் வழி அடைபட்டதும்தான் வித்தியாசம்.

சர்வைவல் என்று நீங்கள் சொன்னதால் த லாங் டார்க்கையும் பார்க்கச் சொல்வேன். கனடாவின் பனிக்காட்டில் தனியாகப் பிழைக்கும் ஆட்டம். வழக்கமாக 30 கிலோ தூக்கலாம், களைத்துப் போனால் அந்த அளவே குறையும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உடுத்தியிருக்கும் துணியும் கணக்கில் சேரும். இங்கே எடைதான் சரியான வடிவம். தண்ணீர், இறைச்சி, விறகு எல்லாம் "இன்னும் கொஞ்சம்" என்று அளந்து எடுக்கக்கூடியவை, அவற்றைக் கட்டத்துக்குள் அடைத்தால் செயற்கையாக இருக்கும். கொஞ்சமாக எடுக்க முடிந்தும் ஏன் அலுக்கவில்லை என்றால், திரும்பி வருவதற்கு உடல் சூடும் பகல் வெளிச்சமும் செலவாகிறது. ஒரு கரடியை வீழ்த்தினால் அதன் இறைச்சி முழுவதையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாது. இரண்டாம் நடைக்குள் புயல் வரலாம், இருட்டலாம், ஓநாய் வரலாம். தங்கும் இடத்தை இறைச்சிக்குப் பக்கமாக மாற்றிக்கொள்வதா, பாதியை விடுவதா என்பதுதான் அங்கே கேள்வி.

மைன்கிராஃப்ட் போன்ற ஸ்லாட் முறையில் செலவு வேறொன்றின் மேல் விழுகிறது. 36 ஸ்லாட், பெரும்பாலான பொருள் ஒரு ஸ்லாட்டில் 64 வரை அடுக்கும். 64 கல்லுக்கும் ஒரே ஒரு விதைக்கும் ஒரே செலவு. சுரங்கத்துக்குள் போனால் பையை நிறைப்பது அளவு இல்லை, நாலைந்து வகைக் கல்லும் அங்கங்கே பொறுக்கிய துண்டு துணுக்குகளும்தான். உங்கள் ஆட்டத்தில் ஆட்டக்காரர் ஏதாவது ஒரே வேலையில் தேர்ந்தவராக வேண்டும், எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பவராக இருக்கக் கூடாது என்று நினைத்தால் ஸ்லாட் முறை அதை இயல்பாகச் செய்யும்.

இதுவரை சொன்னதில் எண்களையும் விதிகளையும் அந்தந்த ஆட்டத்தைத் திறந்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். இனிமேல் சொல்வது என் வேலை அனுபவத்தில் வந்த கணிப்பு, வேறு டிசைனர் வேறு மாதிரி சொல்லலாம். உங்கள் பொருள்கள் பெரும்பாலும் உணவு, நீர், விறகு என்றால் எடை வையுங்கள். கருவிகளும் ஆயுதங்களும்தான் மையம் என்றால் குறைந்த எண்ணிக்கையில் ஸ்லாட் வையுங்கள். அடுக்கும் புதிர் வேண்டும், அதற்காக ஆட்டம் நிற்பதிலும் ஆட்சேபமில்லை என்றால் மட்டும் கட்டம் வையுங்கள். திருப்பி அடுக்கும் கட்டத்தை மவுஸில் செய்வது சுகம், சின்னத் தொடுதிரையில் விரலால் செய்வது அவஸ்தை. மொபைலுக்குச் செய்கிறீர்கள் என்றால் இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள். எந்த வடிவமானாலும், ஒரு சாதாரணப் பயணத்துக்குக் கட்டாயம் வேண்டியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அவை மொத்த இடத்தில் பாதிக்கு மேல், முக்கால்வாசிக்குள் வருகிற மாதிரி அளவை வைத்துத் தொடங்குவேன். அதற்கும் குறைவாகப் பிடித்தால் மிச்ச இடத்தில் எல்லாமே கொள்ளும். அதற்கு மேல் போனால் கிடைத்ததை எடுக்க இடமே இருக்காது, தேடிப் போவதிலேயே ஆர்வம் போய்விடும்.

அப்புறம் நாலு பேருக்கு ஆடக் கொடுங்கள், பிடித்ததா என்று உடனே கேட்காதீர்கள். ஒரே அறையிலிருந்து ஒவ்வொருவரும் எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே பொருளை விட்டுப் போனால் அங்கே தேர்வு இல்லை. அந்தப் பொருளுக்கு மதிப்பு இல்லை, அவ்வளவுதான், அதை எடுத்துவிடலாம் அல்லது அதற்கு ஒரு பயன் கொடுக்கலாம். ஒருவர் கயிற்றை விட்டு மருந்தை எடுக்க, இன்னொருவர் மருந்தை விட்டுக் கயிற்றை எடுத்தால் அளவு சரியாக இருக்கிறது. யாரும் எதையும் விடாமல் அதே அறைக்கு மூன்று முறை வந்து போனார்கள் என்றால் பையின் அளவைத் தொடாதீர்கள். அந்த அறைக்கும் தங்குமிடத்துக்கும் இடையே இருக்கும் வழியை நீட்டுங்கள், அல்லது அந்த வழியில் நேரமோ பசியோ செலவாகும்படி செய்யுங்கள். பையைச் சுருக்கினால் அவர்கள் மூன்றுக்குப் பதில் ஐந்து முறை வந்து போவார்கள்.